128 ஜிபி கார்டில் எத்தனை நாள் பதிவு நிற்கும்? மாங்காய் மண்டிக்கு மூன்று வழிகள்

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்காய் மண்டி. வாசலில் 2 மெகாபிக்சல் கேமரா, அதில் 128 ஜிபி கார்டு. எடையில் தகராறு, பெட்டி குறைகிறது என்ற பேச்செல்லாம் பெரும்பாலும் ஒரு வாரம் கழித்துத்தான் வரும். அப்போது அந்த நாளின் பதிவு கார்டில் இருக்க வேண்டும். இதற்கு மூன்று வழிகள் உண்டு: பெரிய கார்டு போடலாம், வீடியோவைச் சுருக்கும் முறையான கோடெக்கை H.265-க்கு மாற்றலாம், அல்லது அசைவு தெரிந்தால் மட்டும் பதியும்படி வைக்கலாம்.

மூன்றையும் அளக்க ஒரே கணக்கு போதும். கேமரா விநாடிக்கு எழுதும் தரவின் அளவுதான் பிட்ரேட்; அது 1 எம்பிபிஎஸ் என்றால் மணிக்கு 0.45 ஜிபி, 24 மணி நேரத்துக்கு 10.8 ஜிபி. கார்டை 128 என்றே எடுத்துக்கொண்டு, ஃபார்மேட்டுக்கும் கேமரா ஒதுக்கி வைக்கும் இடத்துக்கும் பத்து சதவீதம் கழித்தால் 115. கணினி அதே கார்டை 119 என்று காட்டும். அது வேறு அளவுகோலில் சொல்வது, கார்டில் குறை ஒன்றுமில்லை. அந்த 119-இலிருந்து மறுபடி பத்து சதவீதம் கழித்தால் விடை தேவையில்லாமல் சுருங்கிவிடும்.

```
நாட்கள் = 115 / (Mbps × 10.8)
```

பழைய கோடெக்கான H.264-இல் 4 எம்பிபிஎஸ் வைத்திருந்தால் நாளுக்கு 43.2 ஜிபி. மூன்று நாள் முடிவதற்குள் பழையது அழியத் தொடங்கிவிடும். 256 ஜிபி கார்டு போட்டால் 5.3 நாள். கார்டை மாற்றாமல் H.265-க்குப் போய் பிட்ரேட்டை 2 ஆக்கினாலும் அதே 5.3 நாள்தான், செலவில்லாமல். ஆனால் H.265 என்று மாற்றிவிட்டு பிட்ரேட் எண்ணை 4-லேயே விட்டுவிடுகிறவர்கள் நிறைய. அப்படி விட்டால் படம் கொஞ்சம் தெளிவாகலாம், நாள் கூடாது. கார்டை நிரப்புவது எண்தான், கோடெக்கின் பெயரல்ல.

மூன்றாவது வழிதான் ஆளை ஏமாற்றும். சீசன் இல்லாத மாதத்தில் நாளுக்கு ஆறு மணி நேரம்தான் அசைவு என்றால், 4 எம்பிபிஎஸ்ஸிலேயே 10.8 ஜிபிதான் போகும்; பத்து நாளுக்கு மேல் நிற்கும். மே, ஜூனில் விடிய விடிய வண்டி வந்து இறங்கும்போது அது இருபது மணி நேரமாகும். அப்போது நாளுக்கு 36 ஜிபி, மிஞ்சுவது 3.2 நாள். பதிவு அதிகம் தேவைப்படும் மாதத்தில்தான் கை விரிக்கிறது. அசைவு உணரப்படுவதற்கு முந்தைய சில விநாடிகளும் சில மலிவுக் கேமராக்களில் பதிவதில்லை. மண்டிக்கு இதை நம்ப வேண்டாம். 256 ஜிபி கார்டும் H.265-இல் 2 எம்பிபிஎஸ்ஸும் சேர்த்து வைத்தால், எந்த மாதமானாலும் பத்தரை நாள் உறுதி.

இன்னொரு சிக்கல், திரையில் நாம் வைக்கும் எண் பல கேமராக்களில் உச்சவரம்பு மட்டும்தான். காட்சிக்கேற்ப பிட்ரேட் மாறும் VBR என்றிருந்தால் வெறும் முற்றத்துக்குக் குறைவாக எடுத்துக்கொள்ளும். இரவில் அகச்சிவப்பு விளக்கு எரியும்போது படத்தில் வரும் புள்ளி இரைச்சலும், லென்சைச் சுற்றும் பூச்சிகளும், சிலந்தி வலையும் அதை உச்சத்துக்கே ஏற்றிவிடும். ஆகவே பகலில் ஒன்று, இரவில் ஒன்று என இரண்டு கோப்புகளை எடுத்து உண்மை அளவைப் பாருங்கள். பத்து நிமிடக் கோப்பு 150 எம்பி இருந்தால், 150 × 8 ÷ 600 = 2 எம்பிபிஎஸ். செயலியில் வெறும் HD, SD என்று மட்டும் காட்டும் வைஃபை கேமராக்களுக்கு இதுதான் வழி. கணினியில் ffmpeg இருந்தால்:

```
ffprobe -v error -show_entries format=bit_rate -of default=nw=1:nk=1 a.mp4
```

விடை பிட்களில் வரும். பத்து லட்சத்தால் வகுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி டாஷ்கேமுக்கு நாள் கணக்கு பொருந்தாது, ஓடும் மணி நேரம்தான். முன்பக்கம் 16, பின்பக்கம் 10 எம்பிபிஎஸ் என்றால் மணிக்கு 11.7 ஜிபி, 128 கார்டில் சுமார் பத்து மணி நேரம். தொப்பூர் வழியாகச் சேலம் போய்த் திரும்பும் பிக்கப்புக்கு இரண்டு, மூன்று நடை நிற்கும். ஆனால் குலுக்கல் உணரி அதிக நுணுக்கத்தில் இருந்தால் ஒவ்வொரு வேகத்தடையையும் விபத்தென்று எண்ணி அந்தக் கோப்பைப் பூட்டிவிடும். பூட்டிய கோப்பைச் சுழற்சிப் பதிவு தொடாது. பல மாடல்களில் அவை சேரச் சேரச் சுழற்சிக்கான இடம் சுருங்கும், சிலவற்றில் 'கார்டு நிரம்பியது' என்று பதிவே நின்றுவிடும். நுணுக்கத்தைக் குறைத்து, மாதம் ஒருமுறை தேவையானதை எடுத்துக்கொண்டு கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள்.

கணக்கு ஐந்து நாள் என்கிறது, கார்டில் ஒரு நாள்தான் இருக்கிறது, அல்லது நடுவில் கோப்புகள் உடைந்து கிடக்கின்றன என்றால் போலிக் கார்டாக இருக்கலாம்: 128 என்று காட்டும், உள்ளே 32-தான் இருக்கும். விண்டோஸில் H2testw என்ற சோதனை மென்பொருளை ஓட்டினால் உண்மைக் கொள்ளளவு வெளிவந்துவிடும்.