ஜிம்முக்கு ஐபிஎக்ஸ்4 போதுமா, ஐபிஎக்ஸ்7 வேண்டுமா: இரண்டையும் நீண்ட நாள் பயன்படுத்திய அனுபவம்

ஜிம்முக்கும் மழைக்கும் சேர்த்து ஒரே இயர்பட்ஸ் வாங்க நினைக்கும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்று காட்டும் எண்ணில் ஐபிஎக்ஸ்4 போதுமா, கொஞ்சம் கூடக் கொடுத்து ஐபிஎக்ஸ்7 எடுக்கலாமா என்பதுதான். நான் முதலில் ஐபிஎக்ஸ்4 ஜோடி ஒன்றைப் பல மாதங்கள் ஓட்டினேன், இப்போது ஐபிஎக்ஸ்7 ஜோடி. இரண்டுமே அடிக்கடி வியர்வையில் ஊறியவை, அவ்வப்போது மழையிலும் நனைந்தவை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மழையைப் பொறுத்தவரை அந்த எண்ணை நம்பலாம். வியர்வையைப் பற்றி அந்த எண் எதையும் சொல்வதில்லை, ஏனென்றால் அந்தச் சோதனையில் வியர்வையே இல்லை.

இந்த எண்கள் ஐஇசி 60529 என்ற சர்வதேசத் தரநிலையிலிருந்து வருகின்றன. ஐபி என்பதற்குப் பிறகு இரண்டு இடங்கள் உண்டு. முதலாவது தூசு போன்ற திடப்பொருள்களுக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. முதல் இடத்தில் எக்ஸ் என்று இருந்தால் தூசுக்கான மதிப்பு குறிப்பிடப்படவில்லை என்று மட்டுமே பொருள், தூசு புகுந்துவிடும் என்று பொருள் இல்லை. ஐபி54 என்று போட்டிருந்தால் தூசுக்கும் சோதித்திருக்கிறார்கள், தண்ணீர் விஷயத்தில் அது ஐபிஎக்ஸ்4-க்குச் சமம்.

4 என்றால் எல்லாத் திசையிலிருந்தும் தண்ணீரைத் தெளித்துப் பார்ப்பார்கள், 5 முதல் 10 நிமிடம் வரை. 5 என்றால் 6.3 மில்லிமீட்டர் வாயுள்ள குழாயிலிருந்து நிமிடத்துக்கு 12.5 லிட்டர் வீதம் பீய்ச்சுவார்கள், குறைந்தது 3 நிமிடம். 7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்கவைப்பார்கள். பலரும் கவனிக்காத ஒன்று, 6 வரைக்கும்தான் இது படிப்படியாக ஏறும் வரிசை. 7 என்பது வேறு வகைச் சோதனை. அசையாத தண்ணீரில் மூழ்கித் தப்பிய பொருள், பீய்ச்சும் தண்ணீரையும் தாங்கும் என்று தரநிலை சொல்லவில்லை. இரண்டையும் தாங்கும் என்றால் இரண்டு எண்ணையும் சேர்த்துப் போட வேண்டும். அதனால் ஐபிஎக்ஸ்7 ஜோடியை வேகமாகக் கொட்டும் குழாயடியில் நீட்டிக் கழுவுவதை நான் செய்வதில்லை.

இந்தச் சோதனைகள் எல்லாமே நல்ல தண்ணீரில், புதுப் பொருளில் நடப்பவை. உப்பு கிடையாது, சோப்பு கிடையாது, தோலின் எண்ணெய்ப் பசை கிடையாது, ஒரு வருடம் கீழே விழுந்து எழுந்த தேய்மானமும் கிடையாது. தேர்ச்சி பெறுவதற்கு ஒரு சொட்டுகூட உள்ளே போகக் கூடாது என்றும் இல்லை, போன தண்ணீர் கெடுதல் செய்யாமல் இருந்தால் போதும். உள்ளே ஒட்டியிருக்கும் பசையும் ரப்பரும் நாளாக ஆகத் தளரும் என்பதால், இந்தப் பாதுகாப்பு நிரந்தரமில்லை என்று நிறுவனங்களே பொடி எழுத்தில் எழுதி வைக்கின்றன.

சரி, ஜிம்முக்கு வருவோம். என் ஐபிஎக்ஸ்4 ஜோடியில் முதலில் தெரிந்த அறிகுறி ஒலியில் இல்லை, சார்ஜில். இரவு முழுக்கக் கேஸில் இருந்த பிறகும் காலையில் இடது பக்கம் முழுதாகவும் வலது பக்கம் பாதியிலும் நிற்கும். சில நாள் சரியாக ஏறும், சில நாள் ஏறவே ஏறாது. கேஸில் வைத்த பிறகும் வலது பட் அணையாமல் ஃபோனோடு இணைந்தே இருக்கும், ஏனென்றால் தான் கேஸுக்குள் இருப்பதே அதற்குத் தெரியவில்லை. பேட்டரி செத்துவிட்டது என்று பலர் இந்த இடத்தில்தான் தூக்கிப் போடுகிறார்கள். நான் வலது பட்டை விரலால் லேசாக அழுத்திப் பிடித்தேன், உடனே சார்ஜ் ஏறும் விளக்கு எரிந்தது. அப்படி எரிந்தால் கோளாறு பெரும்பாலும் பட்டும் கேஸும் ஒன்றையொன்று தொட்டுச் சார்ஜ் ஏற்றும் உலோகத் தொடுமுனையில்தான், பேட்டரியில் இல்லை.

ஃபோன் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, பட்டின் உட்புறம் இருக்கும் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகளில் ஒன்று கறுத்து, ஓரத்தில் பச்சையாகப் பூத்திருந்தது. கேஸின் அடியில் அதற்கு நேராக இருக்கும் ஸ்பிரிங் பின்னும் மற்ற பின் அளவுக்கு மேலே எழும்பவில்லை, அழுக்கு இறுகிச் சிக்கியிருந்தது.

இது ஏன் நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிது. பல மாடல்களில் அந்த உலோகப் புள்ளிகள் காது மடலின் குழியைத் தொட்டபடி இருக்கும், வியர்வை வழிந்து தேங்கும் இடமும் அதுதான். வியர்வையில் உப்பும் லாக்டிக் அமிலமும் இருக்கின்றன. உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். காதில் இருக்கும்வரை பெரிய சேதம் இல்லை. ஈரத்தோடு கேஸில் வைத்து மூடியதும்தான் அந்த இரண்டு முனைகளுக்கும் இடையில் மின்னழுத்தம் வருகிறது, நடுவில் உப்பு ஈரம் இருக்கிறது, மின்னாற்பகுப்பு அங்கேயே தொடங்கிவிடுகிறது. ஒரு முனை மட்டும் அதிகமாக அரிக்கப்படுவதற்குக் காரணம் இதுதான். மேலே பூசிய மெல்லிய தங்க முலாம் போனதும் அடியில் இருக்கும் செம்பு பச்சையாகப் பூக்கும்.

தண்ணீர் உலர்ந்தால் போய்விடும், உப்பு போகாது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். போதாததற்கு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பே காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். மூடிய கேஸுக்குள் ஈரமான ரப்பர் முனையும் சேர்ந்திருந்தால் அந்த அளவைத் தாண்டுவது கஷ்டமில்லை. அதாவது வெளியே காய்ந்துவிட்டதுபோலத் தெரிந்தாலும் உள்ளே அரிப்பு தொடர்ந்துகொண்டே இருக்கும். 4, 5, 7 என்ற எந்த எண்ணும் இதைத் தடுக்காது, ஏனென்றால் அவை உறையைத் தாண்டி உள்ளே போகும் தண்ணீரைப் பற்றியவை. தொடுமுனைகள் உறைக்கு வெளியேதான் இருக்கின்றன.

சரிசெய்தது இப்படி. ஆல்கஹால் வைத்துத் துடைத்தால் போதும் என்று நிறைய இடத்தில் சொல்கிறார்கள், ஆனால் உப்பு ஆல்கஹாலில் சரியாகக் கரையாது, தண்ணீரில்தான் கரையும். அதனால் முதலில் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் தொடுமுனைகளைத் துடைத்தேன். அப்புறம் பஞ்சுக் குச்சியில் கொஞ்சம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு எண்ணெய்ப் பசையையும் மிச்ச ஈரத்தையும் எடுத்தேன். கேஸின் பின்னை, சார்ஜர் எதிலும் இணைக்காமல், ஆல்கஹால் தொட்ட குச்சியால் மேலும் கீழும் மெதுவாக அழுத்தி விட்டதில் அது பழையபடி எழும்பியது. ஒலி வரும் வலைமேல் ஆல்கஹால் படாமல் பார்த்துக்கொண்டேன், கரைந்த அழுக்கு வலைக்குள் இறங்கும், வலையின் நீர்விலக்குப் பூச்சும் கெடலாம். ஊசியாலும் உப்புத்தாளாலும் சுரண்டுவது வேண்டவே வேண்டாம், மிச்ச முலாமும் போய்விடும்.

சார்ஜ் மறுபடி ஏறியது. ஆனால் முலாம் போன புள்ளி போனதுதான், அதன் பிறகு அந்தப் பட்டைக் கொஞ்சம் அடிக்கடி துடைக்க வேண்டியிருந்தது. இதற்கு முன்பு சர்வீஸ் சென்டரில் காட்டியபோது, ஈரத்தால் வந்த சேதம் வாரண்டியில் வராது என்று திருப்பி அனுப்பினார்கள். பெட்டியில் வியர்வை தாங்கும் என்று அச்சடித்துவிட்டு வாரண்டியில் ஈரத்தை ஒதுக்குவது நியாயமில்லை என்பதே என் கருத்து. வாங்கும் முன் அந்த ஒரு பத்தியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

ஐபிஎக்ஸ்7 ஜோடி வந்த பிறகு என்ன மாறியது? உள்ளே ஈரம் போகுமோ என்ற கவலை குறைந்தது. முழுக்க வியர்வையில் நனைந்தாலும் ஒரு பக்கம் திடீரென்று நின்றுபோவது இதுவரை இல்லை. ஆனால் தொடுமுனையில் கறை படிவது இதிலும் அதே மாதிரிதான். அதிகம் வியர்த்த நாளில் ஒரு பக்க ஒலி மங்குவதும் உண்டு. அது பழுது இல்லை, வலையின் கண்களில் தண்ணீர்ப் படலம் அடைத்துக்கொள்கிறது. வலை கீழே பார்க்கும்படி துணியில் மெதுவாகத் தட்டிவிட்டு வெளியிலேயே காயவைத்தால் சில மணி நேரத்தில் திரும்பிவிடும். மறுநாளும் மங்கலாகவே இருந்தால் அது ஈரம் இல்லை, பெரும்பாலும் காதழுக்கு வலையில் அடைத்திருக்கும்.

மழையைப் பொறுத்தவரை ஐபிஎக்ஸ்4 ஜோடியே எனக்குக் குறை வைக்கவில்லை. நல்ல மழையில் நடந்தும் ஓடியும் இருக்கிறேன். தொடு கட்டுப்பாடுதான் துளி விழும்போது விரல் பட்டதாக நினைத்துப் பாட்டை நிறுத்திவிடும், செயலியில் அதை அணைத்துவைத்தால் சரி. மழையில் காப்பாற்ற வேண்டியது கேஸைத்தான். பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் எண் பெரும்பாலும் பட்களுக்கு மட்டும் உரியது, கேஸுக்கு எண்ணே இல்லாமலும் இருக்கலாம், குறைந்த எண்ணும் இருக்கலாம். திறந்த சார்ஜிங் துளையும் பெரிய பேட்டரியும் அதில்தான் இருக்கின்றன. நான் அதைச் சின்ன ஜிப் உறையில் போட்டுத்தான் மழைக்கு எடுத்துப் போவேன்.

குளியலறைக்கு ஐபிஎக்ஸ்7 கூட வேண்டாம். சோப்பு தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்துவிடுவதால், சாதாரணத் தண்ணீர் நுழைய முடியாத வலைக்கண்ணிலும் சோப்புத் தண்ணீர் இறங்கும். வெந்நீர் ஆவியும் சோதனையில் இல்லாத ஒன்று. நீச்சலுக்கும் இது சரிவராது. குளத்தில் குளோரின் இருக்கும், கைவீச்சில் தண்ணீர் வந்து மோதும் வேகமும் சோதனைத் தொட்டியில் இல்லாதது. எல்லாவற்றையும்விட, புளூடூத் அலையைத் தண்ணீர் உறிஞ்சிவிடுவதால் தலை மூழ்கியதும் ஃபோனோடு தொடர்பே அறுந்துவிடும். நீச்சலுக்கென்று வரும் கருவிகளில் பாட்டைச் சேமிக்க உள்ளேயே நினைவகம் வைத்திருப்பது இதனால்தான்.

இப்போது நான் செய்வது இவ்வளவுதான். உடற்பயிற்சி முடிந்ததும் கழற்றி, ரப்பர் முனைகளை எடுத்துவிட்டு, ஈரத்துணியால் ஒரு துடைப்பு, காய்ந்த துணியால் ஒரு துடைப்பு. அரை மணி நேரமாவது கேஸுக்கு வெளியே ஒரு துணிமேல் கிடக்கும், உடனே கேஸில் போட்டு மூடுவதே இல்லை. வாரம் ஒருமுறை கேஸின் பின்களையும் பார்த்துவிடுவேன். அடுத்த ஜோடி வாங்கும்போது பட்டில் 4 இருந்தாலும் எனக்குப் போதும், கேஸுக்குத் தனியாக ஒரு எண் போட்டிருக்கிறதா, தொடுமுனைகள் காதுக் குழியில் படாத இடத்தில் இருக்கின்றனவா என்று பார்த்துத்தான் எடுப்பேன்.