விலை எடையா, மதிப்பு எடையா: ஸ்ப்ளிட் வந்தபோது தெரிந்தது

நான் கவனித்துவரும் பங்குகளுக்கு விரிதாளில் சொந்தமாக ஒரு குறியீடு வைத்திருக்கிறேன். முதலில் போட்டது விலை எடைக் குறியீடு, காரணம் சுத்தச் சோம்பேறித்தனம்: விலைகளைக் கூட்டி எண்ணிக்கையால் வகுத்தால் முடிந்தது. ஒரு நாள் பார்த்தால் குறியீடு பாதிக்கு மேல் சரிந்து கிடக்கிறது, சந்தையோ அசையவே இல்லை. ஒரு நிறுவனம் ஸ்ப்ளிட் செய்ததை, அதாவது ஒரு பங்கைப் பலவாகப் பிரித்ததால் விலையும் அதே அளவு இறங்கியதை, நான் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். இப்போது மதிப்பு எடைக்கு மாறிவிட்டேன், அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாயும்.

அடிப்படை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அமெரிக்கக் குறியீடுகளில் டௌ ஜோன்ஸ் விலையைப் பார்க்கிறது, எஸ் அண்ட் பி 500 சந்தை மதிப்பைப் பார்க்கிறது, அதாவது விலையைப் பங்கு எண்ணிக்கையால் பெருக்கியது.

மூன்று பங்குகளை வைத்துப் பார்ப்போம். க-வின் விலை 240, பங்குகள் 100. ங-வின் விலை 40, பங்குகள் 1,000. ச-வின் விலை 20, பங்குகள் 1,800. விலைகளின் கூட்டு 300, வகுத்தி 3, ஆக விலைக் குறியீடு 100. சந்தை மதிப்புகள் 24,000, 40,000, 36,000. மொத்தம் 1,00,000, வகுத்தி 1,000 என்று வைத்தால் இதுவும் 100.

இப்போது க ஒன்றுக்கு மூன்றாகப் பிரிகிறது. விலை 80, பங்குகள் 300. விலைகளின் கூட்டு 140 ஆகிவிடும். பழைய 3-ஆல் வகுத்தால் 46.67, என்னைப் பயமுறுத்திய சரிவு இதுதான். சரிசெய்வது சுலபம், குறியீடு 100-லேயே நிற்க வேண்டும் என்பதால் 140-ஐ 100-ஆல் வகுத்து, புது வகுத்தி 1.4 என்று எடுத்துக்கொள்ளலாம். மதிப்புக் குறியீட்டில் 80 × 300 அதே 24,000தான், எதையும் தொட வேண்டாம்.

அன்றைய எண் இரண்டிலும் 100. ஆனால் மறுநாளிலிருந்து விலைக் குறியீடு வேறு ஆளாகிவிடுகிறது. ஸ்ப்ளிட்டுக்கு முன் க 10% ஏறினால் குறியீடு 8 புள்ளி ஏறும். பின், அதே 10 சதவீதத்துக்கு 5.71தான். ச 10% ஏறினால் முன்பு 0.67, இப்போது 1.43. எந்த நிறுவனத்தின் தொழிலிலும் ஒன்றுமே மாறவில்லை, ஒரு காகித முடிவு மட்டும் எடைகளைக் கலைத்துப் போட்டுவிட்டது. மதிப்புக் குறியீட்டில் க-வின் 10% முன்பும் 2.4, பின்பும் 2.4.

என்னை முடிவெடுக்க வைத்தது இதன் பராமரிப்புச் செலவு. விலைக் குறியீட்டை அப்படியே பின்பற்ற வேண்டுமானால் எல்லாப் பங்கிலும் சம எண்ணிக்கை கையில் இருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு பங்கு வைத்திருந்தவர் கையில் ஸ்ப்ளிட்டுக்குப் பின் க மூன்று, மற்றவை ஒவ்வொன்று. அதே 300-ஐச் சமமாக்கினால் ஒவ்வொன்றிலும் 2.14 பங்கு வர வேண்டும், எனவே க-வில் 0.86 விற்று, ங-விலும் ச-விலும் 1.14 வீதம் வாங்கியாக வேண்டும். தரகும் வரியும் இதற்குத் தனி. மதிப்பு எடையில் கையில் இருப்பதை அப்படியே விட்டுவிடலாம்.

2020 ஆகஸ்ட் 31 அன்று இது டௌவில் நிஜமாகவே நடந்தது. ஆப்பிள் ஒன்றுக்கு நான்காகப் பிரிந்ததும் தொழில்நுட்பத் துறையின் எடை சட்டென்று இறங்கியது, அதே நாளில் டௌவில் இருந்த வேறு மூன்று பங்குகளை எடுத்துவிட்டுப் புதிதாக மூன்றைச் சேர்த்தார்கள். வேடிக்கை என்னவென்றால், ஸ்ப்ளிட் மட்டும் நடந்திருந்தால் குறைந்திருக்க வேண்டிய வகுத்தி சுமார் 0.1458-லிருந்து 0.1520-க்கு ஏறியது, ஏனென்றால் உள்ளே வந்த மூன்றும் வெளியேறியவற்றைவிட விலை கூடியவை.

விலைக் குறியீட்டுக்கு ஒரு நியாயமும் சொல்லியாக வேண்டும். வகுத்தியைத் தொடாமல், பிரிந்த பங்கின் விலையை மட்டும் மூன்றால் பெருக்கிச் சேர்த்தால் எடை கலையாது. ஜப்பானின் நிக்கேய் 225 பெரிய ஸ்ப்ளிட்டுகளுக்கு இப்படித்தான் செய்கிறது. அப்புறம், விலையைத் தவிர வேறு தரவே கிடைக்காத பழைய காலத்துக்கும் இதைப் போட முடியும்.

மதிப்பு எடையிலும் வகுத்தி மாறத்தான் செய்யும். ங புதிதாக 250 பங்குகளை 40-க்கு வெளியிட்டால் மொத்தம் 1,10,000, வகுத்தி 1,100. பணம் உள்ளே வந்ததை ஏற்றம் என்று எண்ணிவிடக் கூடாது அல்லவா! அதைவிட எனக்கு அதிகத் தொல்லை கொடுப்பது தரவுதான். விலை 80 ஆன அன்று பங்கு எண்ணிக்கை இன்னும் 100 என்றே கிடந்தால் க 8,000 ஆகி, குறியீடு 84-க்கு விழும். ஒரே பங்கின் மதிப்பு துல்லியமாக மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போயிருந்தால் சந்தேகமே வேண்டாம், எண்ணிக்கை புதுப்பிக்கப்படவில்லை. பழைய விலைகளை ஸ்ப்ளிட்டுக்கு ஏற்பத் திருத்தித் தரும் கோப்புகளில் இதன் மறுபக்கம் இருக்கிறது: போன வருட விலை 80 என்று வரும், போன வருட எண்ணிக்கை 100 என்றே இருக்கும். இரண்டையும் திருத்தியதாக எடுக்க வேண்டும், அல்லது இரண்டையும் திருத்தாமல்.

பொதுமக்களிடம் புழங்கும் பங்குகளை மட்டும் எண்ணும் முறைக்கு நான் இன்னும் போகவில்லை, என் பட்டியலில் மொத்தப் பங்குகள்தான். அதனால் நிறுவனர்கள் பெரும்பங்கு வைத்திருக்கும் இரண்டு பங்குகள் அதில் தகுதிக்கு மீறிய எடையோடு உட்கார்ந்திருக்கின்றன.