குரலா, நடையா? ஃபோட்டோவில் வராத அழகு

மார்கழிக் காலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பத்தடி தள்ளி வருகிறவரின் முகம் தெரியாது, அவ்வளவு மூடுபனி. இருந்தாலும் பெரட்டுக்களத்துக்கு வருவது யார் என்று அம்மா சொல்லிவிடுவார். நடையை வைத்துத்தான்.

அசைவு மட்டுமே எவ்வளவு சொல்லும் என்பதை 1973இல் சுவீடனைச் சேர்ந்த உளவியலாளர் குன்னார் யோஹான்சன் சோதித்துக் காட்டினார். தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் போன்ற மூட்டுகளில் சிறு விளக்குகளைக் கட்டி, ஆட்களை இருட்டில் நடக்கவிட்டார். நின்றால் வெறும் புள்ளிகள். நடந்த மறுநொடியே அது ஒரு மனிதர். அதனால்தான் கூடைக் கயிறு தலையில் அழுந்த, கழுத்து அசையாமல் மலை இறங்கும் பெண்ணின் நடையை எந்தப் ஃபோட்டோவாலும் காட்ட முடிவதில்லை.

குரலுக்கு ஆள் எதிரில் வரக்கூட வேண்டாம். சித்தி மகளுக்குப் பண்டாரவளையிலிருந்து வரன் வந்தது. ஃபோட்டோவைப் பார்த்து "சுமார்தான் அக்கா" என்றவள், ஒருமுறை ஃபோனில் பேசியதும் ஃபோட்டோவை மறந்தேபோனாள். தாழ்ந்த, அவசரமில்லாத குரல். ஆண் குரல் தாழ்வாக இருந்தால் பெண்களுக்குப் பிடிக்கிறது என்று பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், ஆணின் குரல்நாண் நொடிக்கு ஏறத்தாழ 120 தடவை அதிரும். பழைய தொலைபேசி இணைப்போ 300க்குக் கீழே எதையும் அனுப்பாது. மேலே உள்ள அதிர்வுகளைக் கொண்டு அந்த அடிக்குரலை நம் மூளையே கட்டிக்கொள்கிறது. குரலை மட்டும் கேட்டு ஆளின் உயரத்தையும் தோள் அகலத்தையும் கற்பனை செய்வதுதான் ஆபத்து. அந்தக் கணக்கு அடிக்கடி பிழையாகிப்போகும்.

இங்கேயும் பிழையாகிப்போனது. பையன் வந்த அன்று, படிக்கட்டில் ஏறும்போதே தோளை விறைத்து, நெஞ்சை நிமிர்த்தியிருந்தான். யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். நிமிர்ந்து நின்றால் நல்லதுதான், ஆனால் நினைத்து நிமிர்வது பத்து நிமிடம் தாங்காது. தேத்தண்ணி வருவதற்குள் கூன் விழுந்துவிட்டது. நடை, குரல், சிரிப்பு, நிற்கும் தோரணை என்ற நான்கிலும் நான் குறைவாக மதிப்பது தோரணையைத்தான்.

சிரிப்பு வேறு ரகம். மாமா சொன்ன ஒவ்வொன்றுக்கும் "ஹஹ்ஹா" என்று ஒரே அளவாகச் சிரித்தான். மரியாதைச் சிரிப்பு பேச்சைப் போலவே அடக்கத்தோடு வரும். உண்மைச் சிரிப்பு மேலே எகிறும், நடுவில் குரலே இல்லாமல் வெறும் மூச்சாகும், நினைத்த இடத்தில் நிற்காது. கிளம்பும்போது பாசிபிடித்த படியில் அவனுக்குக் கால் வழுக்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தானே, கண்ணில் நீர் வர!

சித்தி மகள் ஜன்னல் ஓரத்தில் நின்றிருந்தாள். என் முதல் ஓட்டு இன்னும் நடைக்குத்தான், அவளைக் கேட்டால் சிரிப்பு என்பாள். குரலைப் பற்றி அவள் அப்புறம் பேசவேயில்லை.