நாற்பது விநாடியில் ஒரு நோட்டை விற்பது: மூன்று பிரதிகள், ஓர் அலசல்

வண்ணாரப்பேட்டையில் நோட்டுப் புத்தகம் தைத்து விற்கும் ஒரு சிறு நிறுவனம், வட சென்னைக்காரர்கள் கேட்கும் ஒரு பாட்காஸ்ட்டின் நடுவே நாற்பது விநாடி விளம்பர இடம் வாங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிறுவனத்துக்கு ‘இன்னார்’ என்று பெயரிடுகிறேன். இந்த இடத்துக்கு வழக்கமாக மூன்று வகை விளம்பரப் பிரதிகள் வரும். உரிமையாளர் எழுதித் தருவது ஒன்று. ஸ்டுடியோவில் பதிவுசெய்யும் நாடகத் துணுக்கு இன்னொன்று. நிகழ்ச்சி நடத்துபவர் தன் குரலிலேயே வாசிப்பது மூன்றாவது.

முதலில் அளவு. நாற்பது விநாடிக்கு நூறு சொல் என்பது ஆங்கிலத்துக்கான கணக்கு. வேற்றுமை உருபையும் வினைமுடிவையும் சொல்லோடு ஒட்டிப் பேசும் தமிழுக்கு அது பொருந்தாது. நூறு சொல் எழுதினால் வாசிப்பவருக்கு மூச்சு வாங்கும். கட்டளைக் கலித்துறை என்ற பாவகைக்குச் செய்வதுபோல் ஒற்று நீக்கி எழுத்தெண்ணுவதே நம்பகமான வழி. நிதானமாக வாசிக்கும் குரல் விநாடிக்கு ஐந்து அல்லது ஆறு எழுத்தைத் தாண்டாது. நிறுத்தங்களுக்கு நான்கைந்து விநாடி ஒதுக்கினால், கையில் இருப்பது 200 எழுத்து, ஏறத்தாழ அறுபது சொல்.

உரிமையாளரின் பிரதி இந்த அளவுகோலிலேயே அடிபட்டுப்போகும். ‘வட சென்னையின் நம்பர் ஒன் நோட்டுத் தயாரிப்பாளர்’ என்று தொடங்கி, லாங் சைஸ், கட்டுரை நோட்டு, கிராஃப் நோட்டு, ரெக்கார்டு நோட்டு, ஜியோமெட்ரி பாக்ஸ் என்று கடைப் பலகையைப் போல் அடுக்கி, முகவரியைச் சொல்லி, கைபேசி எண்ணை இரண்டு முறை படிக்கச் சொல்லும். பத்து இலக்க எண்ணை ஒருமுறை சொல்லவே இருபதிலிருந்து இருபத்தைந்து எழுத்து ஆகும். இரண்டு முறை என்றால் நிறுத்தத்தோடு சேர்த்து ஒன்பது விநாடி, அதாவது வாங்கிய நேரத்தில் கால்வாசிக்குச் சற்றே குறைவு. பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் அந்த எண்ணை எங்கே எழுதிக்கொள்வார்? ‘நம்பர் ஒன்’ என்பதற்கு ஆதாரம் காட்டும் பொறுப்பு விளம்பரதாரருடையது. சிறு நிறுவனம் அந்த வம்பை விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஆனால் இந்தப் பிரதியைக் குப்பையில் போட்டுவிடக் கூடாது. ‘எங்கள் நோட்டு நூலால் தைத்தது, ஸ்டேப்ளர் பின் அடித்தது இல்லை’ என்று உரிமையாளர் எங்காவது ஓர் ஓரத்தில் எழுதியிருப்பார். நல்ல விளம்பரத்துக்கான சரக்கு அந்த ஒரு வரியில்தான் இருக்கும்.

நாடகத் துணுக்கு கேட்க இனிமையானதுதான். அம்மா, மகன், பள்ளி திறக்கும் ஜூன் மாதம், பின்னணியில் மணிச்சத்தம். சிக்கல் இரண்டு. பேச்சு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாறும் ஒவ்வொரு முறையும் அரை விநாடி போய்விடுவதால், நோட்டின் பெயர் இருபதாவது விநாடிக்கு முன் வருவதில்லை. அதைவிடப் பெரியது, ஆளைத் தவறாகப் பிடிப்பது. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டுகள் விலையில்லாமல் கிடைக்கின்றன. தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் அப்படிப் படிக்கும் பிள்ளைகள் ஏராளம். காசு கொடுத்து நல்ல நோட்டைத் தேடுபவர்களில் கல்லூரி மாணவர், போட்டித் தேர்வுக்குக் குறிப்பெடுப்பவர், கணக்கெழுதும் கடைக்காரர் என்று பலர் உண்டு. அந்த அம்மாவும் மகனும் இவர்கள் யாரையும் நினைவூட்டுவதில்லை. இன்னொரு எரிச்சலும் எனக்கு உண்டு. வட சென்னை என்றதும் நடிகரிடம் கொச்சையை வலிந்து பேசச் சொல்லி, பின்னால் கானா மெட்டைப் போட்டுவிடுகிறார்கள். ராயபுரத்தில் இருப்பவருக்குத் தன்னைக் கேலி செய்கிறார்கள் என்பதுதான் காதில் விழும்.

மூன்றாவது பிரதி இப்படிப் போகலாம்:

“இந்தப் பகுதியை இன்னார் நோட்டு வழங்குகிறது. இது விளம்பரம். மை பேனாவில் எழுதுகிறீர்களா? பக்கத்தைத் திருப்பினால் எழுத்து மறுபக்கம் தெரிகிறதா? இன்னார் தைத்த நோட்டு ஒன்று இப்போது என் கையில் இருக்கிறது. முதல் பக்கத்தில் இந்த நிகழ்ச்சியின் பெயரை நீல மையில் எழுதினேன். திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் சுத்தமாக இருக்கிறது, அதிலும் எழுதலாம். அட்டையை விரித்து வைத்தாலும் தாள் கழன்று வராது, நூலால் தைத்தது. வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, ராயபுரத்தில் நீங்கள் வழக்கமாக வாங்கும் கடையிலேயே கேளுங்கள். முதுகில் நீலப் பட்டி ஒட்டிய நோட்டு. இன்னார் நோட்டு. விளம்பரம் முடிந்தது.”

ஒற்று நீக்கினால் இருநூறுக்குச் சற்றுக் குறைவு. ‘திருப்பிப் பார்த்தேன்’ என்ற இடத்தில் ஒரு விநாடி நிறுத்தித் தாளை உண்மையாகவே புரட்டினால், அந்தச் சலசலப்பு மைக்கில் விழும். தனியாக ஒலிக்குறிப்பு எதுவும் தேவையில்லை.

பெயரும் அடையாளமும் கடைசியில் இருப்பதற்குக் காரணம் உண்டு. பாட்காஸ்ட் செயலிகளில் ஒரு தட்டுக்கு முப்பது விநாடி தாண்டும் பொத்தான் சாதாரணம். ‘விளம்பரம்’ என்ற சொல் காதில் விழுந்ததும் கட்டைவிரல் அங்கே போகும். நான்காவது விநாடியில் தட்டியவர் முப்பத்து நான்கில் போய் இறங்குவார். அங்கே அவருக்குக் கிடைப்பது ‘நீலப் பட்டி, இன்னார் நோட்டு’. உரிமையாளரின் பிரதியில் அதே இடத்தில் கைபேசி எண்ணின் பின்பாதி ஓடிக்கொண்டிருக்கும்.

அப்படியானால் ‘விளம்பரம்’ என்பதையே விட்டுவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். கூடாது. இணையத்தில் பணம் வாங்கிக்கொண்டு ஒரு பொருளைப் பரிந்துரைப்பவர்களுக்காக இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஒலி வடிவத்தில் விளம்பரம் என்ற அறிவிப்பைத் தொடக்கத்திலும் முடிவிலும் தெளிவாகச் சொல்ல வேண்டும். மேலே உள்ள பிரதி அதற்குச் செலவிடுவது சில விநாடிகளே.

இந்தப் பிரதி நிற்பதும் விழுவதும் வாசிப்பவர் உண்மையாகவே எழுதிப் பார்ப்பதில்தான். நிறுவனம் ‘70 ஜிஎஸ்எம் தாள், அதனால் மை ஊறாது’ என்று சொல்லச் சொன்னால் மறுத்துவிட வேண்டும். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். மை ஊறுவதும் பரவுவதும் தாள் தயாரிப்பின்போது ஏற்றும் பசைப்பொருளையும் சார்ந்தது. அது குறைந்தால் கனத்த தாளிலும் எழுத்தின் ஓரம் மயிர்பிரிந்து நிற்கும். சோதிப்பது எளிது: மை பேனாவால் ஒரு வரி எழுதி, முற்றுப்புள்ளி வைக்கும் இடத்தில் நிப்பை மூன்று விநாடி ஊன்றிவிட்டு எடுத்து, தாளைத் திருப்புங்கள். பின்னால் புள்ளி தெரிந்தால் மை பற்றிய வரிகள் அத்தனையையும் எடுத்துவிட்டு, தையலை மட்டும் பேச வேண்டும். நோட்டை நடுவில் விரித்து ஒரு தாளை மெல்ல இழுத்தால் தையலின் தரமும் தெரிந்துவிடும்.

நாடகத் துணுக்குக்கு ஓரிடத்தில் மட்டும் என் ஓட்டு. நோட்டைக் கையில் எடுத்தே பார்க்காத பல நிகழ்ச்சிகளில் ஒரே நாளில் விளம்பரம் ஓட வேண்டுமென்றால், பதிவுசெய்த துணுக்கே நேர்மையான வழி. யாரும் ‘எழுதிப் பார்த்தேன்’ என்று பொய் சொல்ல வேண்டியதில்லை. நிகழ்ச்சியின் தொடக்கத்தில் அதை வைக்கலாம். மகனைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டு, நோட்டின் பெயரை முதல் வரியிலேயே அம்மாவைச் சொல்ல வைத்தால் போதும்.

தொகுப்பாளர் வாசிப்பிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. பேச்சோடு சேர்த்துப் பதிந்த விளம்பரம் அந்த அத்தியாயத்திலேயே தங்கிவிடும். தாள் மொத்தக் கடைகள் உள்ள ஆண்டர்சன் தெருவில் விலை ஏறி, இன்னார் அடுத்த ஆண்டு மலிவான தாளுக்கு மாறினாலும், பழைய அத்தியாயத்தில் பின்பக்கம் சுத்தமாகவே இருக்கும். எனவே வாசிப்பைத் தனித் துண்டாகப் பதிந்து, பின்னால் நீக்கவோ மாற்றவோ முடிகிறபடி செருகச் சொல்லி, எத்தனை மாதம் ஓடலாம் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.