வெயிட்டேஜ் மார்க் ஷீட்: டெஸ்ட் நடக்கும் முன்பே மொத்த மார்க் கேட்டால்

வீட்டுப்பாடம் 20, குவிஸ் 30, டெஸ்ட் 50 என்று வெயிட்டேஜ் பிரித்து, எக்செல் ஷீட்டில் மார்க் போட்டுப் பல ஆண்டுகளாக வகுப்பு நடத்துகிறேன். பருவம் முடிந்து எல்லா மார்க்கும் வந்த பிறகு இந்த முறையில் சிக்கலே இல்லை. பாதிப் பருவத்தில், டெஸ்ட் இன்னும் நடக்காத நேரத்தில், "இப்போ என் மார்க் எவ்வளவு?" என்று ஒரு மாணவர் கேட்கும்போதுதான் ஷீட் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று தெரியும்.

ஒருவருக்கு வீட்டுப்பாடச் சராசரி 90, குவிஸ் சராசரி 70, டெஸ்ட் காலி என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுப்பாடத்திலிருந்து 18, குவிஸிலிருந்து 21, ஆக 39. காலியைப் பூஜ்யமாக எடுத்தால் அந்த 39 அப்படியே மொத்தமாக வந்து நிற்கும், நன்றாகப் படிக்கிற பிள்ளை ஃபெயில் ஆனது போலத் தெரியும். சரியான வழி, மார்க் இருக்கும் பிரிவுகளின் வெயிட்டேஜால் மட்டும் வகுப்பது. இங்கே 20 + 30 = 50. அந்த 50க்கு 39 என்றால், நூற்றுக்கு 78.

இதை ஷீட்டில் கொண்டுவரும்போது ஒரு இடம் வழுக்கும். B-யில் வெயிட்டேஜ், C-யில் சராசரி இருந்தால் பலரும் எழுதுவது இது:

```
=SUMPRODUCT(B2:B4,C2:C4)/SUMIF(C2:C4,"<>",B2:B4)
```

C4 உண்மையிலேயே காலியாக இருந்தால் 78 வரும். ஆனால் C4-இல் பொதுவாக ஒரு சூத்திரம் உட்கார்ந்திருக்கும். மார்க்கே இல்லாத வரிசைக்கு `AVERAGE` போட்டால் `#DIV/0!` வரும், அதை மறைக்க `IFERROR(AVERAGE(...),"")` என்று எழுதியிருப்போம். கண்ணுக்குக் காலியாகத் தெரியும் அந்தக் கட்டத்தை எக்செலின் `SUMIF` காலி என்று ஏற்காது, 50-ஐயும் சேர்த்து 100-ஆல் வகுத்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது, 39 என்று அமைதியாகக் காட்டும். நான் இப்போது பயன்படுத்துவது:

```
=SUMPRODUCT(B2:B4,C2:C4)/SUMPRODUCT(B2:B4,--ISNUMBER(C2:C4))
```

எண் இருந்தால்தான் அந்த வெயிட்டேஜ் கீழே சேரும். `IFERROR`-இல் `""`-க்குப் பதில் 0 போட்டுவிடாதீர்கள், போட்டால் 0-வும் ஒரு எண்தான் என்பதால் இந்தச் சூத்திரமும் காப்பாற்றாது. சோதிப்பது எளிது: எல்லாப் பிரிவிலும் 80 போட்டுவிட்டு ஒரு பிரிவின் மார்க்கை அழித்துப் பாருங்கள். மொத்தம் 80-இலேயே நிற்க வேண்டும், இறங்கினால் காலி எங்கோ பூஜ்யமாகிறது.

சரி, சூத்திரம் ஒழுங்காகிவிட்டது. அப்புறம் வருவதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. அந்த மாணவர் 78 என்று நம்பிக்கொண்டிருக்கிறார், டெஸ்டில் 60 வாங்குகிறார், மொத்தம் 18 + 21 + 30 = 69 ஆகிறது. கணக்கில் தவறே இல்லை, ஆனால் ஒரே நாளில் 9 மார்க் போனதாக அவருக்குத் தோன்றுகிறது, அந்த வருத்தம் நியாயமானதும்கூட. 78 என்பது டெஸ்டிலும் இதே சராசரி வரும் என்று வைத்துச் சொல்லப்பட்ட எண், அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. அதனால் பக்கத்திலேயே மூன்று கட்டங்கள் சேர்த்துவிட்டேன்: இதுவரை முடிவான வெயிட்டேஜ் 50, டெஸ்டில் பூஜ்யம் வந்தால் 39, முழு மார்க் வந்தால் 89. இதைச் சேர்த்த பிறகு கேள்வியே மாறிவிட்டது, "75 வர டெஸ்டில் எவ்வளவு வேண்டும்?" என்று கேட்கிறார்கள். 75-இல் 39 போக 36, அதை 0.5-ஆல் வகுத்தால் 72. இது பிள்ளைகள் கையில் பிடித்துக்கொண்டு படிக்கக்கூடிய எண்.

டெஸ்ட் நடந்து முடிந்த பிறகும் ஒருவருக்கு மட்டும் காலியாக இருந்தால் இந்தச் சூத்திரமே அநியாயம் செய்யும். டெஸ்ட் எழுதியவர் 69, எழுதாமல் போனவர் 78! அதனால் டெஸ்ட் முடிந்ததும் காலிக் கட்டம் எதையும் விடுவதில்லை. காரணமில்லாமல் வராதவருக்கு 0, மறுதேர்வு எழுதப்போகிறவருக்கு அது முடியும்வரை மொத்தத்தையே மறைத்து "நிலுவை". விலக்கு பெற்றவருக்கு மட்டும்தான் EX என்று எழுத்தில் போட்டு, மற்ற பிரிவுகளை வைத்துக் கணக்கிடுவேன்.

மூடுல் பயன்படுத்துகிறவர்களுக்கு இதே விஷயம் மதிப்பெண் பிரிவின் அமைப்பில் `Exclude empty grades` என்ற தேர்வாக இருக்கிறது. நான் பருவம் ஓடும்போது அதை டிக் செய்து வைத்து, இறுதி மார்க் வெளியிடும் முன் எடுத்துவிட்டு ஒரு முறை பார்ப்பேன். யாருடைய மொத்தம் அப்போது சட்டென்று விழுகிறதோ, அவருக்கு எங்கோ ஒரு கட்டம் நிரப்பப்படாமல் கிடக்கிறது.