காரைக்குடியில் அடாப்டர் வாங்கிய கதை

கானாடுகாத்தானில் அப்பத்தாவின் பி.பி. மெஷினுக்கு அடாப்டர் காணவில்லை. வெளிநாட்டிலிருந்து நாங்கள் ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்து போட்டவை ஒரு பெட்டி நிறையக் கிடந்தன. அதில் இரண்டின் உருண்டை முனை மெஷினில் கச்சிதமாகப் பொருந்தியது. இரண்டையும் மெஷினோடு எடுத்துக்கொண்டு காரைக்குடி செக்காலை ரோட்டில் ஒரு சர்வீஸ் கடைக்குப் போனேன்.

கடைக்கார அண்ணன் முதலில் மெஷினைத்தான் திருப்பிப் பார்த்தார். சாக்கெட் பக்கத்தில் 6 வோல்ட் டிசி என்று இருந்தது. கூடவே ஒரு சின்னப் படம்: நடுவில் புள்ளி, சுற்றி அரைவட்டம். புள்ளியிலிருந்து போகும் கோடு மைனஸில் முடிந்தால் முனையின் உள் துளை மைனஸ், பிளஸில் முடிந்தால் பிளஸ். அப்பத்தாவின் மெஷினில் அது மைனஸ். அடாப்டரிலும் அப்படியே இருக்க வேண்டும். மாறினால் மெஷின் போய்விடலாம்.

மலேசியாவிலிருந்து வந்தது மூன்று தட்டைக்கால் பிளக். இன்புட் 100-240 வோல்ட், நம் ஊர் கரண்டுக்குச் சரி. ஆனால் அவுட்புட் 12 வோல்ட், இரண்டு மடங்கு. "முனை நுழையுதுங்கிறதுக்காகச் சொருகிடாதீங்க தம்பி" என்று அதை ஓரமாக வைத்தார்.

அமெரிக்காவிலிருந்து வந்தது இரண்டு தட்டைக்கால், கையில் கனமாக இருந்தது. அவுட்புட் 6 வோல்ட், படமும் பொருந்தியது. ஆனால் இன்புட் 120 வோல்ட் மட்டும். நம் வீட்டில் வருவது 230. கன்வெர்ட்டர் பின் போட்டால் கால்களின் வடிவம்தான் மாறும், வோல்ட் மாறாது. உள்ளே இருக்கும் டிரான்ஸ்பார்மர் சூடேறிக் கருகிவிடும். அடாப்டர் லேபிளில் இந்த இன்புட் எழுத்து மிகப் பொடி, போனில் படம் எடுத்துப் பெரிதாக்கினால்தான் தெரிகிறது.

கடைசியில் உருண்டைக்கால் வைத்த புது அடாப்டர் ஒன்றை எடுத்தார்: 6 வோல்ட், 1 ஆம்பியர். மெஷின் கேட்டது அரை ஆம்பியர்தான். ஆம்பியர் கூடுதலாக இருந்தால் தப்பில்லை, மெஷின் தனக்கு வேண்டியதை மட்டும் இழுக்கும். குறைந்தால்தான் பம்ப் திணறும். சொன்னதோடு விடாமல் மல்டிமீட்டரை வைத்துக் காட்டினார்: 6.1, முன்னால் மைனஸ் குறி. சிவப்பு முள் உள் துளையில் இருந்ததால் அந்தக் குறி வந்தே ஆக வேண்டும். இவ்வளவு பொறுமையாகக் காட்டும் கடை கிடைத்தது பெரிய விஷயம்.

அப்புறம் என் போன் சார்ஜரைக் காட்டினேன். அதில் 5 வோல்ட், 9 வோல்ட் என்று இரண்டும் இருந்தன. அதற்குப் பயம் வேண்டாம் என்றார். யூஎஸ்பி சார்ஜர் முதலில் 5 வோல்ட்தான் கொடுக்கும், போன் கேட்டால்தான் 9க்கு ஏறும். உருண்டை முனைக்கு அப்படிக் கேட்கிற வழி கிடையாது, லேபிளில் இருப்பது அப்படியே உள்ளே போகும்.