"சரக்கு இல்லை" என்பதன் விலை: மூன்று கணக்கு, மூன்று இருப்பு

கம்பத்தில் ஒரு பம்பு உதிரிபாகக் கடை. ஏலத்தோட்டங்களின் பவர் ஸ்பிரேயருக்கான வாஷர் செட்டை 300 ரூபாய்க்கு வாங்கி 400-க்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 20 செட் போகும். ஆர்டர் மாதம் ஒருமுறை. வட்டி, சேதாரம் சேர்த்து ஒரு செட்டை ஒரு மாதம் வைத்திருக்க 6 ரூபாய் செலவு.

எத்தனை செட் கூடுதலாக வைப்பது என்பது, "இல்லை" என்று சொல்வதால் வரும் நட்டத்தைப் பொறுத்தது. முதல் கணக்கு: வந்தவர் காத்திருப்பார் என்று கொண்டால், போன் செய்வதும் ஜீப்பில் கொடுத்துவிடுவதுமாக 30 ரூபாய்தான் நட்டம். கூடுதல் செட்டை வைக்கும் செலவும் இந்த நட்டமும் சமமாகும் இடம் 6 ÷ 30, அதாவது ஐந்து மாதத்தில் ஒரு மாதம் சரக்கு தீரலாம். தீராமல் இருக்கும் வாய்ப்பு, அதாவது சர்வீஸ் லெவல், 80%. இது மாதக் கணக்கு. தட்டுப்பாடு வரும் மாதத்திலும் பெரும்பாலானோருக்குச் செட் கிடைத்துவிடும். மாதக் கணக்கையும் ஆள் கணக்கையும் ஒன்றாக நினைத்தால் கணக்கு கெடும்.

இரண்டாவது கணக்கு: விற்பனை போயிற்று என்றால் 100 ரூபாய் லாபம் போகிறது. தட்டுப்பாடு வரும் மாதத்தில் கூடுதல் செட் விற்றுவிடும், அதை வைக்கும் செலவு இல்லை; அதனால் 6 ÷ (6 + 100): தீரும் வாய்ப்பு 5.7%, லெவல் 94%.

நம் சாய்வு மூன்றாவது கணக்குக்கு: வாடிக்கை முறிவையும் சேர்ப்பது. மே, ஜூனில் மழைக்கு முன் போர்டோ கலவை தெளிக்கும் நேரத்தில் தோட்டத்துக் கணக்குப்பிள்ளையிடம் "அடுத்த வாரம் வாங்க" என்று சொல்ல முடியாது. அவர் கட்டப்பனையில் வாங்கிவிடுவார். பிறகு ஹோஸ், நாசில் எல்லாம் அங்கேதான். பத்துப் பேரில் ஒருவர் இப்படிப் போய்விடுகிறார், அவரால் ஆண்டுக்கு 3,000 லாபம் என்றால், ஒவ்வொரு "இல்லை"க்கும் 300 கூடுகிறது. 6 ÷ (6 + 400): லெவல் 98.5%.

அந்தப் "பத்தில் ஒருவர்" வெறும் ஊகம்தானே என்று கேட்கலாம். ஆமாம். ஆனால் ஆர்டர் போட்டு அடுத்த சரக்கு வரும்வரையிலான தேவையின் ஏற்ற இறக்கம் (திட்ட விலக்கம்) 8 செட் என்றால், சராசரித் தேவைக்கு மேல் கூடுதலாக வைக்க வேண்டியது முதல் கணக்கில் 7, இரண்டாவதில் 13, மூன்றாவதில் 18 செட். ஊகத்தைப் பாதியாக்கி இருபதில் ஒருவர் என்றாலும் 16 வரும். ஊகம் பாதி தவறினாலும் இரண்டே செட் வித்தியாசம். முறிவையே விட்டுவிட்டால் ஐந்து செட் குறையும்.

ஊகத்தைத் திருத்த கல்லாப் பக்கத்தில் ஒரு "இல்லை" நோட்டு போதும். யார், என்ன கேட்டார், காத்திருந்தாரா, இரண்டு மாதத்துக்குள் திரும்பி வந்தாரா என்று எழுத வேண்டும். பில் புத்தகத்தை மட்டும் பார்த்தால், சரக்கு இல்லாத நாளில் விற்பனை பூஜ்யம் என்றே தெரியும். அதிலிருந்து சராசரி எடுத்தால் அடுத்த ஆர்டரும் குறையும், தட்டுப்பாடு மறுபடியும் வரும்.

மூன்றாம் கணக்கு எல்லாச் சரக்குக்கும் பொருந்தாது. பக்கத்துக் கடையிலும் கிடைக்கிற போல்ட், நட்டுக்காக யாரும் வாடிக்கையை மாற்றுவதில்லை; அதற்கு இரண்டாம் கணக்கே போதும். ஆஃப் சீசனில் வரும் பழைய மாடல் செட்டுக்கு ஆள் காத்திருப்பார், முதல் கணக்கில் விட்டுவிடலாம்.